மண் கல்லில் வீடு கட்டப் போகிறவர்கள் காலி சிமெண்ட் சாக்கை எண்ணிக்கொள்ளுங்கள்

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் வீட்டை சிமெண்ட் கலந்து அமுக்கிய மண் கல்லில் கட்டினோம். முதல் தென்மேற்குப் பருவமழையிலேயே மேற்குச் சுவரின் அடி நான்கு வரி கரைய ஆரம்பித்தது. கல்லின் விளிம்பை விரல் நகத்தால் சுரண்டினால் ஈர மாவு மாதிரி கையோடு வந்தது. இதே கல்லில் கட்ட நினைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

கான்ட்ராக்டர் முதல் நாளே சொன்னார்: "அண்ணே, அஸ்திவாரத்துக்குத் தோண்டுற மண்ணே போதும், வெளியே வாங்க வேண்டாம்." செலவு மிச்சம் என்று நானும் சரி என்றேன். மண்ணைச் சோதிக்கவே இல்லை. பிரச்சினை வந்த பிறகுதான் நானே பார்த்தேன். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் அப்படியே வைத்தேன். அடியில் மணல், அதன்மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேலே களி. எங்கள் மண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் களி இருந்தது. இந்தக் கல்லுக்கு மணல் பாதியளவு, களி ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு சுமாராக வரவேண்டும். களி கூடினால் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சிமெண்டும் அதைச் சரியாகப் பிடிக்காது. ஆற்று மணலோ பாறைத்தூளோ சேர்த்திருந்தால் போதும். களி ரொம்ப அதிகம் என்றால் சிமெண்டைவிட சுண்ணாம்புதான் பொருந்தும்.

அடுத்தது சிமெண்ட். மொத்தம் 3,000 கல், ஒன்று எட்டரை கிலோ. ஆகமொத்தம் இருபத்தைந்தரை டன். பேசியது 7 சதவீதம், அதற்குச் சுமார் 35 மூட்டை வேண்டும். பில்லில் 36 மூட்டை போட்டிருந்தார். ஷெட்டுக்குப் பின்னால் கட்டி வைத்திருந்த காலிச் சாக்குகளை என் மனைவி எண்ணினாள். 19. அதாவது 4 சதவீதம்கூட இல்லை. நல்ல மண்ணுக்கே 5 சதவீதம் வேண்டும், எங்கள் மண்ணுக்கு அது எந்த மூலைக்கு?

கலவை போட்ட விதத்தையும் சொல்லவேண்டும். காலையில் பெரிய குவியலாகக் கலந்து தண்ணீர் தெளித்துவிடுவார்கள். அதை மதியம் வரை அமுக்குவார்கள். காய்ந்துபோனால் மறுபடி தண்ணீர். தண்ணீர் பட்டதுமே சிமெண்ட் இறுக ஆரம்பித்துவிடும். அரை மணி நேரத்துக்குள் அமுக்கி முடிக்கிற அளவுக்குத்தான் ஒரு தடவை கலக்கவேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடியை உருண்டையாக்கி நெஞ்சுயரத்திலிருந்து தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதாது, சப்பையாக ஒட்டிக்கொண்டால் அதிகம்.

அப்புறம் நனைப்பு. அமுக்கிய கல்லை முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, பிறகு நிழலில் அடுக்கி, நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்திருக்கவேண்டும். எங்கள் கல் மார்ச் வெயிலில் திறந்தவெளியில் கிடந்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர், பத்தாம் நாள் சுவரில் ஏறிவிட்டது. கேட்டால், "சுவர்ல இருக்கும்போதும் நனைச்சுக்கலாம்ணே" என்றார். காய்ந்துபோன கல்லில் சிமெண்ட் இறுகும் வேலை பாதியில் நின்றுவிடும்.

இதெல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தாலும் எங்கள் ஊர் மழைக்கு வீட்டு அமைப்பும் ஒத்துழைக்கவேண்டும். நல்ல மண் கல்லே ஊறிவிட்டால், காய்ந்த நிலையில் இருக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். எங்கள் அடிமானம் தரைக்கு மேல் ஒரு அடிதான், கூரை சுவரைத் தாண்டி ஒன்றரை அடிதான். முற்றத்தில் விழுந்த மழை தெறித்து நேராகச் சுவரின் அடியில் அடித்தது. இப்போது அந்த நான்கு வரியையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வெட்டுக்கல் வைத்தோம், கூரையை இரண்டரை அடிக்கு நீட்டினோம். சாரல் நேராக அடிக்கிற மேற்குச் சுவருக்கு மட்டும் பூச்சு. கொத்தனார் சொன்னபடி, பொடிகிற கல்லின் மேல் பூசினால் பூச்சே உரிந்து விழும் என்பதால் முதலில் கல்லை மாற்றினோம். எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது.

உங்கள் இடத்தில் கல் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தால், மீதிப் பணம் கொடுக்கும் முன் அடுக்கின் நடுவிலிருந்து நீங்களே மூன்று கல்லை உருவி, 28 நாள் ஆனதா என்று கேட்டுக்கொண்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். வெளியே எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். எங்கள் கல்லில் விரல் அரை அங்குலம் உள்ளே போனது.