ஒற்றைக் கரும்புள்ளி: பிளானர் படம் போதுமா, ஸ்பெக்ட்-சிடி வேண்டுமா?

கதிரியக்க மருந்து ஏற்றி எலும்புகளைப் படமெடுக்கும் போன் ஸ்கேனில் முதுகுத்தண்டு, விலா, இடுப்பெலும்பு என்று இருபது இடங்களில் கரும்புள்ளிகள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தால் வாசிப்பது கடினமில்லை. புற்றுநோய் உள்ளவரிடம் அப்படி ஒரு படம் பெரும்பாலும் நோய் எலும்புக்குப் பரவியதைத்தான் காட்டும். உடம்பெல்லாம் சுத்தமாக இருந்து, முதுகெலும்பில் ஒரே ஒரு புள்ளி மட்டும் நிற்கும்போதுதான் சிக்கல். அந்த ஒற்றைப் புள்ளிக்கு முன்னும் பின்னுமாக எடுக்கும் தட்டையான பிளானர் படமே போதுமா, குறுக்குவெட்டுகளாக எடுத்து சிடியோடு பொருத்திக் காட்டும் ஸ்பெக்ட்-சிடியும் எடுக்க வேண்டுமா என்பதுதான் இங்கே கேள்வி. அணு மருத்துவப் பிரிவில் தினமும் இந்தப் படங்களை வாசிப்பவன் நான். முதுகெலும்புப் புள்ளி என்றால் ஸ்பெக்ட்-சிடி இல்லாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

அதற்குக் காரணமான ஒருவரைச் சொல்கிறேன். 67 வயது, புதிதாகக் கண்டுபிடித்த புராஸ்டேட் புற்றுநோய், அதற்கான ரத்தப் பரிசோதனையான பிஎஸ்ஏ 14. வேறோர் இடத்தில் எடுத்த பிளானர் படத்தோடு வந்தார். முதுகெலும்பின் கீழ் இடுப்புப் பகுதியில், நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கமாக, பட்டாணி அளவில் ஒரு கருமை. ‘எலும்பில் பரவியிருக்க வாய்ப்புண்டு’ என்று அறிக்கை. குறித்து வைத்திருந்த அறுவை சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். உடன் வந்த மகன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “டாக்டர், இந்த ஒரு பொட்டுக்காகவா அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டாம்கிறாங்க?” என்று கேட்டார்.

அந்தப் பொட்டு எதைக் காட்டுகிறது? நரம்பில் ஏற்றும் எம்டிபி மருந்து, டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைச் சுமந்துகொண்டு, எலும்பு புதிதாகக் கட்டப்படும் இடங்களில் அதிகமாகப் போய் ஒட்டும். ரத்த ஓட்டம் கூடினாலும் பிடிப்பு கூடும். ஆக, கருமை என்றால் ‘இங்கே எலும்பு வேலை செய்துகொண்டிருக்கிறது’ என்று பொருள், அவ்வளவுதான். அந்த வேலையைத் தூண்டியது புற்றுநோயாகவும் இருக்கலாம், முறிவு ஆறுவதாகவும் இருக்கலாம், மூட்டுத் தேய்மானமாகவும் இருக்கலாம். கருமையின் அடர்த்தியை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. நன்றாகத் தேய்ந்த மூட்டு, பரவலைவிடக் கருப்பாகத் தெரிந்து பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிளானரின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஊசி போட்டு மூன்று மணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுத்தால், அரை மணிக்குள் உச்சி முதல் பாதம் வரை முழு உடம்பும் படமாகிவிடும். சில இடங்களில் வடிவமே விடை சொல்லிவிடும். அடுத்தடுத்த விலா எலும்புகளில் ஒரே நேர்கோட்டில் புள்ளிகள் வரிசையாக நின்றால் அது விழுந்து அடிபட்டதன் அடையாளம். ஒரே விலாவில் நீளவாக்கில் கருமை ஓடினால்தான் கவலை. வயதான பெண்ணின் முள்ளெலும்பில் குறுக்கே பட்டையாகத் தெரிந்தால் எலும்பு நொறுங்கி அமுங்கியிருக்கலாம். இடுப்பருகே எதிர்பாராத புள்ளி தெரிந்தால் உடையில் மருந்து கலந்த சிறுநீர் பட்டிருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, மறுபடி எடுப்பது டெக்னீஷியன் எவரும் அறிந்த பாடம்.

முதுகெலும்பில் மட்டும் பிளானர் தடுமாறுகிறது. ஒரு முள்ளெலும்பில் முன்னால் பருத்த உடல், அதிலிருந்து பின்னோக்கிப் போகும் பெடிக்கிள் என்ற குறுகிய பாலம், அதற்கும் பின்னால் மேல் எலும்பும் கீழ் எலும்பும் சேரும் ஃபேசட் மூட்டு என்று பகுதிகள் இருக்கின்றன. பிளானர் படம் இவை எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அமுக்கி, ஒரே தளத்தில் காட்டிவிடுகிறது. பின்பக்கப் படத்தில் புள்ளி கூர்மையாகத் தெரிந்தால் அது முதுகுப்புறமாக இருக்கிறது என்று ஊகிக்கலாம். பெடிக்கிளா ஃபேசட்டா என்று அதற்கு மேல் சொல்ல முடியாது.

தீர்ப்பு அந்த ஒன்றிரண்டு சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. ரத்தம் வழியாக வரும் புற்றுச் செல்கள் வழக்கமாக முள்ளெலும்பு உடலின் பின்பகுதி மஜ்ஜையில் குடியேறி, பெடிக்கிளுக்குள் படரும். தேய்மானமோ மூட்டைப் பிடிக்கும், அல்லது எலும்பு உடலின் விளிம்பைப் பிடிக்கும். உடலிலிருந்து பெடிக்கிளுக்குத் தொடரும் கருமை சந்தேகத்துக்குரியது. ஃபேசட்டில் மட்டும் நிற்பதும், எலும்பின் விளிம்பைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய எப்போதும் தேய்மானம்தான். ஸ்பெக்டில் கேமரா நோயாளியைச் சுற்றி வந்து குறுக்குவெட்டுகளாகப் படம் தரும். மேலே பதியும் சிடி, கருமை உட்கார்ந்திருக்கும் இடத்தில் எலும்பு எப்படி இருக்கிறது என்று காட்டும்.

அந்த 67 வயதுக்காரருக்கு மறுபடி ஊசி போட்டு ஸ்பெக்ட்-சிடி எடுத்தோம். கருமை நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலான வலது ஃபேசட் மூட்டின் மேல் அச்சாக உட்கார்ந்தது. சிடியில் அந்த மூட்டின் இடைவெளி ஒடுங்கி, இரு ஓரங்களும் வெளுத்துத் தடித்து, பக்கத்தில் எலும்பு முளைவிட்டிருந்தது. எலும்பு உடலும் பெடிக்கிளும் சுத்தம். தேய்மானம் என்று எழுதினேன்; பரவல் என்ற சொல்லையே அறிக்கையில் சேர்க்கவில்லை. நிறுத்திய அறுவை சிகிச்சைக்கு மறுபடி நாள் குறித்தார்கள்.

ஸ்பெக்ட்-சிடிக்கும் விலை உண்டு. கூடுதலாக 15, 20 நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். முதுகுவலிக்காரருக்கு அது கொடுமை. நடுவில் சற்றே புரண்டாலும் கருமை ஒரு பக்கமும் சிடி எலும்பு ஒரு பக்கமுமாக விலகி, ஃபேசட்டில் இருப்பது பெடிக்கிளில் இருப்பதுபோல ஏமாற்றும். அதனால் முதலில் சிறுநீரகங்களின் கருமை சிடியில் தெரியும் சிறுநீரகத்தின் மேல் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதுகெலும்புக்குப் போவேன். சிடியால் கதிர்வீச்சும் சற்றுக் கூடும். புள்ளி இருக்கும் பகுதிக்கு மட்டும், குறைந்த அளவில் எடுத்தால் அது ஏற்கத்தக்கதே.

விடை கிடைக்காத நேரமும் உண்டு. பெடிக்கிளில் கருமை இருக்கும், சிடியில் எலும்பு பழுதில்லாமல் தெரியும். புற்று மஜ்ஜையில் மட்டும் இருந்து எலும்பை இன்னும் மாற்றாத கட்டமாக அது இருக்கலாம். அங்கே ‘சிடி இயல்பு’ என்று ஆறுதல் எழுதாமல் எம்ஆர்ஐ கேட்பேன். விலா எலும்பில் ஒற்றைப் புள்ளி என்றால் என் சாய்வும் அவ்வளவு உறுதியில்லை. மூச்சில் விலா அசைவதால் பொருத்தம் பிசகுகிறது; அப்படிப்பட்ட புள்ளிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவையும்கூட. கதிரியக்க ஃப்ளூரைடு ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன் படம் இன்னும் கூர்மையானது. நான் அதை வாசித்தது குறைவு என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

எதைத் தேர்ந்தாலும், நோயாளி மேசையை விட்டு இறங்குவதற்கு முன் தேர்ந்துவிட வேண்டும். டெக்னீஷியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். மறுநாள் வரச் சொன்னால் ஏற்றிய கதிரியக்கத்தில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த 67 வயதுக்காரருக்கு நடந்ததுபோல இன்னொரு ஊசி போட வேண்டியதுதான். அதனால் எங்கள் டெக்னீஷியனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: பிளானர் முடிந்ததும் என்னைக் கூப்பிடுங்கள், நான் திரையைப் பார்த்துச் சொல்லும்வரை அவரைப் படுக்கையிலேயே வைத்திருங்கள்.