தொடர்வதா, நிறுத்துவதா: மூழ்கிய செலவின் கணக்கு

ரேடாருக்குப் புலப்படாத விமானத்தை உருவாக்கும் ஒரு கோடி டாலர் திட்டத்தில் 90 லட்சம் செலவாகிவிட்டது. அதற்குள் போட்டி நிறுவனம் அதைவிட வேகமான, சிக்கனமான விமானத்தை விற்கத் தொடங்கிவிட்டது. மீதி 10 லட்சத்தையும் போடலாமா? உளவியலாளர்கள் ஆர்க்ஸும் புளூமரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், இக்கற்பனைக் கேள்விக்குச் சுமார் 85 சதவீதத்தினர் போடலாம் என்றனர்; முந்தைய செலவைக் குறிப்பிடாமல் கேட்டபோது 17 சதவீதத்தினரே அப்படிச் சொன்னார்கள்.

தொடர்ந்தால் இனி 10 லட்சம் போகும். விற்பனையில் 6 லட்சம்தான் வருமென்றால், மூழ்கிய செலவு, அதாவது முன்பே செலவழித்து இனி மீட்க முடியாத பணம், எவ்வளவாக இருந்தாலும் மேலும் 4 லட்சம் நட்டம்.

நிறுத்தினால் அந்த நட்டம் தவிர்வதோடு, கருவிகளை விற்று 2 லட்சம் கிடைத்தால் வேறுபாடு 6 லட்சமாகிறது. ஆனால் 90 லட்சம் வீணானதை ஏடுகளில் பதிந்தாக வேண்டும்; திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தவரே அதைச் செய்ய வேண்டியிருப்பதுதான், என் பார்வையில், பெரிய தடை.

வரவு 30 லட்சமாக இருந்தால், மொத்தத்தில் நட்டமே என்றாலும், தொடர்வதே சரி. சிக்கல் என்னவென்றால், மீதிச் செலவின் மதிப்பீடு பெரும்பாலும் குறைவாகவே சொல்லப்படுகிறது. ஒவ்வொரு காலாண்டிலும் ‘90 சதவீதம் முடிந்தது’ என்றே அறிக்கை வந்தால், அந்த 10 லட்சத்தை நம்ப முடியாது.