ஒரு கட்சி ஆதிக்கமும் இரு கட்சிப் போட்டியும்: ஜப்பான், பிரிட்டன் ஓர் ஒப்பீடு

ஒரே கட்சி மீண்டும் மீண்டும் வெல்லும் முறையையும், இரண்டு கட்சிகள் மாறி மாறி ஆளும் முறையையும் அருகருகே வைத்துப் பார்த்தபின், நான் இரண்டாவதன் பக்கமே நிற்கிறேன். நேர்மையான தேர்தல் இரண்டிலும் நடக்கலாம் என்பதால், அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. தோற்ற கட்சி அடுத்த நாளே ஆளத் தயாராக இருக்கிறதா என்பதே என் முடிவைத் தீர்மானித்தது.

ஜப்பானில் லிபரல் ஜனநாயகக் கட்சி 1955 முதல் 1993 வரை இடைவிடாமல் ஆண்டது. அந்தக் கட்சிக்குள் உண்மையான போட்டி இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பணப் புகாரில் சிக்கிய பிரதமர் தனாகா 1974-இல் விலகியபோது, தூய்மையானவர் என்று பெயர் பெற்ற மிகியைக் கட்சியே பிரதமராக்கியது. ஆனால் அந்த மாற்றத்தைச் செய்தவர்கள் கட்சியின் கோஷ்டித் தலைவர்கள், வாக்காளர்கள் அல்லர். எதிரே இருந்த சோஷலிஸ்ட் கட்சியோ, 1958-க்குப் பிறகு பெரும்பான்மைக்குப் போதுமான வேட்பாளர்களைக்கூட நிறுத்தவில்லை. ஆட்சியில் இடம் தேடிய திறமைசாலிகள் ஆளுங்கட்சிக்கே போனார்கள்.

அதன் விளைவு 1993-இல் தெரிந்தது. ஆளுங்கட்சி உடைந்து பெரும்பான்மையை இழந்ததும், எட்டு அணிகளின் கூட்டணி ஹொசோகாவாவின் தலைமையில் ஆட்சிக்கு வந்தது. தேர்தல் முறையைத் திருத்தும் சட்டத்தை அது நிறைவேற்றியது உண்மைதான். ஆனால், 1994 பிப்ரவரியில் 3 சதவீத நுகர்வு வரிக்குப் பதிலாக 7 சதவீத நலவரி என்று நள்ளிரவில் அறிவித்துவிட்டு, கூட்டணியிலிருந்த சோஷலிஸ்டுகளே எதிர்த்ததால் ஓரிரு நாளில் அதைத் திரும்பப் பெற்றது. ஏப்ரலில் ஹொசோகாவா விலகினார். ஜூனில் லிபரல் ஜனநாயகக் கட்சி, அதே சோஷலிஸ்டுகளோடு சேர்ந்து மீண்டும் ஆட்சிக்குள் வந்துவிட்டது.

பிரிட்டனில் தொழிற்கட்சியும் 18 ஆண்டுகள் ஆட்சிக்கு வெளியே இருந்தது. 1997-இல் பதவியேற்ற அமைச்சர்களில் பெரும்பாலோர்க்கு அமைச்சர் அனுபவமே இல்லை. இருந்தும் மே 1-இல் தேர்தல் முடிய, மே 6-இல் வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை இங்கிலாந்து வங்கிக்கு விட்டுக்கொடுப்பதாக நிதியமைச்சர் பிரவுன் அறிவித்தார். முடிவு முன்பே சிந்திக்கப்பட்டிருந்தது. எதிர்க்கட்சித் தலைவருக்கு 1937 முதல் அரசுச் சம்பளம், 1975 முதல் எதிர்க்கட்சிகளின் நாடாளுமன்றப் பணிக்குப் பொதுப்பணம், ஒவ்வொரு துறையின் அமைச்சரையும் கண்காணிக்க எதிர்க்கட்சி நியமிக்கும் ஒரு நிழல் அமைச்சர், தேர்தலுக்கு முன்பே உயர் அதிகாரிகளோடு பேச வழி என்று, தோற்றவரைப் பராமரிக்கும் ஏற்பாடு அங்கே பழகிப்போயிருக்கிறது. அடுத்த முறை வெல்லலாம் என்று இரு தரப்பும் நம்புவதால்தான் ஆளுங்கட்சியும் இதைத் தொடர்ந்து அனுமதிக்கிறது.

இந்த முறைக்கு விலை உண்டு. 1983-இல் பிரிட்டனின் மூன்றாம் அணியான லிபரல்–சமூக ஜனநாயகக் கூட்டணி 25 சதவீத வாக்கு பெற்றும் 23 இடங்களே கிடைத்தன. மேலும், ஜப்பானைக் கொண்டு நான் சொல்வது எல்லா ஆதிக்கக் கட்சி நாடுகளுக்கும் அப்படியே பொருந்தாது. ஸ்வீடனில் சமூக ஜனநாயகக் கட்சி 1936 முதல் 40 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டாலும், வாக்கு விகிதப்படி இடம் கிடைத்ததால் எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்தில் வலுவோடு இருந்தன. 1976-இல் அவை கூட்டணியாக ஆட்சியை ஏற்றன.