மூட்டுவலிக் கேப்சூலில் ஈயம்: ஏற்காட்டில் வாங்கிய டப்பாவின் லேபிளில் இல்லாதவை

ஏற்காடு போகிறவர்கள் ஏரிப் பக்கத்துக் கடைகளில் மிளகும் காப்பித்தூளும் தைலமும் வாங்கி வருவது வழக்கம். அவற்றைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அதே கடைகள் சிலவற்றில் மூட்டுவலிக்கு, சர்க்கரைக்கு, மூலத்துக்கு என்று வெள்ளை பிளாஸ்டிக் டப்பாக்களில் கேப்சூல்களும் விற்கிறார்கள். அப்படி ஒரு டப்பா உங்கள் வீட்டில் இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் அத்தைக்கு முழங்கால் வலி. உறவினர் ஒருவர் சுற்றுலா போய்த் திரும்பும்போது வாங்கிக் கொடுத்த கேப்சூலைக் காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று போட ஆரம்பித்தார். வலி குறைந்தது. தீர்ந்தபோதெல்லாம் மலைக்குப் போகிறவர்களிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். சில மாதங்களில் அடிவயிற்றைப் பிசைவதுபோல் வலி வந்தது, மலச்சிக்கல் வந்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயிற்றுப்புண் என்று ஒரு இடத்தில் மாத்திரை கொடுத்தார்கள். எண்டோஸ்கோப்பியில் புண் எதுவும் இல்லை. ஹீமோகுளோபின் 8 என்று வந்ததால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இரத்தம் ஏறவில்லை, மலச்சிக்கல்தான் கூடியது.

கடைசியாகப் பார்த்த பொது மருத்துவர், இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். சிவப்பணுக்களுக்குள் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள் தெரிந்தன. எல்லா இரத்தசோகையிலும் அவை தெரியாது. ஈயம் உடலில் சேர்ந்தால் வரும் அடையாளங்களில் அது ஒன்று. ஈயம் ஹீமோகுளோபின் உருவாவதையே தடுப்பதால் இரும்பு மாத்திரை எத்தனை போட்டாலும் பலன் இல்லை என்று அவர் விளக்கினார். "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா அம்மா?" என்று கேட்டார். அத்தை இல்லை என்றார். பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது மருந்தே அல்ல, வெறும் மூலிகை. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்துப் போய்க் காட்டியது நான்தான். இரத்தத்தில் ஈயத்தின் அளவு டெசிலிட்டருக்கு 62 மைக்ரோகிராம் என்று முடிவு வந்தது. 5-க்கு மேல் போனாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பார்கள்.

இனி அந்த லேபிள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "100% மூலிகை, பக்கவிளைவு இல்லாதது". பின்பக்கத்தில் உட்பொருட்கள்: ஒவ்வொரு 500 மில்லிகிராம் கேப்சூலிலும் குங்கிலியம் 100, பறங்கிப்பட்டை 100, அமுக்கரா 100, சுக்கு 50. கூட்டினால் 350 வருகிறது. மீதி 150 மில்லிகிராம் என்ன என்று ஒரு சொல்கூட இல்லை. மருந்து என்று விற்கப்படும் சித்த, ஆயுர்வேதத் தயாரிப்பின் லேபிளில் ஒவ்வொரு மூலிகையின் தாவரவியல் பெயரும், வேரா இலையா விதையா என்பதும், அளவும் இருக்க வேண்டும் என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 161ஆம் விதி சொல்கிறது. அமுக்கரா என்றால் அதன் தாவரவியல் பெயரான விதானியா சோம்னிஃபெராவும் வேர் என்ற குறிப்பும் பக்கத்தில் வர வேண்டும். இந்த டப்பாவில் வெறும் தமிழ்ப் பெயர்கள் மட்டும்தான். பார்க்க எளிமையாக, நம்பிக்கையாகக்கூட இருந்தது. எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லவில்லை என்று பிடிக்க முடியாமல் செய்ததும் அந்த எளிமைதான்.

அடுத்தது உரிம எண். "லைசென்ஸ் எண்" என்று ஒரு நீளமான எண் அச்சாகியிருந்தது, அதைப் பார்த்துத்தான் உறவினரும் நம்பியிருக்கிறார். எண்ணிப் பார்த்தால் 14 இலக்கம், முதல் இலக்கம் 2. அது உணவுப் பொருள் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொடுக்கும் பதிவு எண். ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் அது போதும். சித்த மருந்தோ ஆயுர்வேத மருந்தோ தயாரிக்க மாநில உரிம அதிகாரி 25-டி படிவத்தில் தரும் தயாரிப்பு உரிமம் வேண்டும். இன்னொருவரின் ஆலையில் செய்து வாங்குபவர் என்றால் 25-ஈ. பெரும்பாலும் இந்த எண் சிறியது, 14 இலக்கம் இருக்காது, பல லேபிள்களில் 25டி என்ற எழுத்தும் கூடவே இருக்கும். "சித்த மருந்து" அல்லது "ஆயுர்வேத மருந்து" என்ற சொற்களும் லேபிளில் கட்டாயம். எங்கள் டப்பாவில் அந்தச் சொற்களே இல்லை. மூட்டுவலி போகும் என்று முன்பக்கத்தில் எழுதிவிட்டு, பின்பக்கத்தில் உணவு என்று பதிவு காட்டுகிறார்கள். மருந்து என்றால் ஒரு துறை கேள்வி கேட்கும், உணவு என்றால் இன்னொரு துறை. இரண்டுக்கும் நடுவில் நழுவுகிற தந்திரம் இது.

கடையில் ஏதோ ஒரு சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சித்த, ஆயுர்வேத மருந்தை விற்பதற்கு ஆங்கில மருந்துக் கடைபோல் தனி விற்பனை உரிமம் தேவையில்லை. ஆகவே தயாரித்தவருடைய உரிமத்தைத்தான் பார்க்க வேண்டும். இந்த டப்பாவில் தயாரிப்பாளர் முகவரி என்று ஒரு நிறுவனப் பெயரும், "ஏற்காடு மெயின் ரோடு, சேலம்" என்பதும் மட்டுமே. கதவு எண் இல்லை. வெவ்வேறு மாதங்களில் வாங்கிய டப்பாக்களில் பேட்ச் எண் ஒன்றாகவே இருந்தது. தயாரிப்புத் தேதி மட்டும் சிறிய ஸ்டிக்கரில் மாறிக்கொண்டே வந்தது. நகத்தால் ஸ்டிக்கரைக் கிள்ளினால் கீழே பழைய தேதி.

பிரிக்காத ஒரு டப்பாவைத் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஈயம் 1,200 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 1,200 பங்கு. மூலிகைகள் மட்டுமே கொண்ட மருந்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 10 பிபிஎம். ஆர்செனிக்குக்கு 3, பாதரசத்துக்கு 1, காட்மியத்துக்கு 0.3. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 500 மில்லிகிராம் கேப்சூலில் 10 பிபிஎம் என்றால் 5 மைக்ரோகிராம் ஈயம், அத்தையின் நான்கு கேப்சூலுக்கு 20. அவர் உண்மையில் தினமும் விழுங்கியது 2,400 மைக்ரோகிராம். மண்ணிலிருந்தோ அரைக்கும் இயந்திரத்திலிருந்தோ தற்செயலாக ஒட்டிக்கொண்ட அளவாக இது எனக்குத் தோன்றவில்லை. சொல்லாமல் விட்ட அந்த 150 மில்லிகிராமில்தான் எதையோ சேர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு சித்த மருத்துவமே விஷம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பாதரசம், கந்தகம், உலோகங்கள் சேர்த்துச் செய்யும் பற்பமும் செந்தூரமும் அந்த மருத்துவத்தில் அறிந்தே செய்யப்படுபவை. அவற்றுக்கு 10 பிபிஎம் கணக்குப் பொருந்தாது. அங்கே கேள்வி வேறு: சரியாகச் செய்ததா, எவ்வளவு நாள், யாருடைய மேற்பார்வையில்? லிங்கம், இரசகற்பூரம், தாளகம், மனோசிலை, எட்டி, சேங்கொட்டை போன்றவை மருந்து விதிகளின் நச்சுப் பொருள் அட்டவணையில் இருக்கின்றன. அவை சேர்ந்த உள்மருந்தில், மருத்துவரின் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடப்பட வேண்டும். தமிழில் தேடிவிட்டு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உட்பொருள் பட்டியலில் வெறுமனே "செந்தூரம்" என்று போட்டிருந்தால் எந்தச் செந்தூரம் என்று கேளுங்கள்: அயச்செந்தூரம் இரும்பு, லிங்கச் செந்தூரம் பாதரசம். மிருதார்சிங்கி என்றால் ஈயம். ஆயுர்வேத லேபிளில் நாக பஸ்மம் என்பதும் ஈயமே. சித்தத்தில் நாக பற்பம் என்றால் துத்தநாகம். பெயர் ஒன்றுபோல் இருக்கிறது என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிடக் கூடாது.

பதிவு பெற்ற சித்த மருத்துவர் தன் நோயாளிக்கென்று தானே தயாரித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் அதில் இந்த லேபிள் எல்லாம் இருக்காது. சட்டம் அதற்கு விலக்கு தருகிறது. என்ன மருந்து என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். டப்பாவில் அடைத்து ஊருக்கெல்லாம் விற்பதற்கு அந்த விலக்கு கிடையாது.

கேப்சூலை நிறுத்துவதிலும் ஒரு கவனம் வேண்டும். மூட்டுவலி மருந்துகளில் ரகசியமாக ஸ்டீராய்டு கலப்பது பழைய வித்தை. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. அதனால் டப்பாவோடு உடனே மருத்துவரிடம் போய், அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். அத்தைக்கு ஈயத்தைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை கொடுத்தார்கள். அளவு இறங்கியது, மாத்திரையை நிறுத்தியதும் கொஞ்சம் ஏறியது. எலும்பில் போய்ப் படிந்த ஈயம் மெதுவாக இரத்தத்துக்குத் திரும்புகிறதாம். அதனால் அவ்வப்போது பரிசோதனை தொடர்கிறது. இப்போது 21.

டப்பாவையும் ஆய்வு முடிவையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "இது மருந்தே இல்லை சார், உணவுதான். எங்களுக்கு வருவதை விற்கிறோம்" என்றார் கடைக்காரர். மூட்டுவலி என்று போட்டிருக்கிறதே என்று லேபிளைக் காட்டினேன். "அது அச்சகத்துக்காரர் போட்டது." பில் கேட்டால், அப்போது ஏன் கேட்கவில்லை என்கிறார். உணவுப் பாதுகாப்புத் துறைக்கும், இந்திய மருத்துவ மருந்து உரிம அதிகாரிக்கும் தனித்தனியாக எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் கொடுக்காவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிடுவார் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். நீங்களும் புகார் கொடுப்பதானால் பிரிக்காத டப்பா ஒன்றைப் பத்திரமாக வையுங்கள். பாதி தீர்ந்த டப்பாவைக் காட்டினால், நடுவில் நீங்களே எதையோ கலந்தீர்கள் என்பார்கள்.

சென்ற வாரம் அடிவாரத்தில் இன்னொரு கடையில் பச்சை லேபிள் ஒட்டிய டப்பா ஒன்றைப் பார்த்தேன். பெயர் வேறு, சர்க்கரை நோய்க்கு என்று போட்டிருக்கிறது. பின்பக்கத்தில் அதே 14 இலக்க எண்.