அட்டையில் 5.0, உள்ளே வேறு: ரிச்சி தெருவில் வாங்கிய புளூடூத் டாங்கிள்

வீட்டு டெஸ்க்டாப்பில் புளூடூத் கிடையாது. அலுவலக மீட்டிங்குக்கு வயர் இல்லாத ஹெட்செட் வாங்கியாயிற்று, இனி யூ.எஸ்.பி.யில் செருகும் புளூடூத் டாங்கிள் ஒன்று இருந்தால் போதும் என்று போன மாதம் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. அதே பொருள் அங்கே பத்துக் கடையில் தொங்குகிறது, ஆன்லைனிலும் கிடைக்கிறது. கடையைவிடப் பொருளை அடையாளம் கண்டுகொள்வதுதான் முக்கியம்.

கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது சுண்டுவிரல் நகம் அளவு கறுப்பு டாங்கிள். அட்டையில் பெரிதாக "5.0" என்று புளூடூத் பதிப்பு எண். "சி.எஸ்.ஆர் சிப் சார், ஒரிஜினல். விண்டோஸ்ல செருகினா தானா எடுத்துக்கும். எடுக்கலைன்னா உள்ளேயே டிரைவர் சிடி இருக்கு" என்றார். 350 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் "BT - 350" என்று எழுதிக் கொடுத்தார். சின்னப் பொருள்தானே என்று நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். முதல் தப்பு அது.

வீட்டுக்கு வந்து செருகினேன். விண்டோஸ் 10 ஒரு தடவை 'டிங்' என்றது, கீழே புளூடூத் சின்னம் வந்தது, ஹெட்செட்டும் சேர்ந்தது. பாட்டுக் கேட்டேன், பரவாயில்லையே என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் தூக்கத்துக்குப் போயிருந்தது. எழுப்பினால் புளூடூத் சின்னத்தைக் காணோம். Device Manager-ஐத் திறந்தால் மஞ்சள் முக்கோணம், உள்ளே "This device cannot start. (Code 10)". டாங்கிளைப் பிடுங்கி வேறு போர்ட்டில் செருகினால் வேலை செய்தது. மறுபடி தூக்கம், மறுபடி Code 10. மூன்று நாள் இதே கூத்து. ஒரு மீட்டிங்கின் நடுவில் என் குரல் நின்றுபோய், மேனேஜர் என் பெயரை நாலு முறை கூப்பிட்டது தனிக்கதை.

டிரைவர் கோளாறு என்றே நம்பினேன். பெட்டியில் இருந்தது உள்ளங்கை அளவு குட்டி சிடி. இந்தக் காலத்தில் சிடி டிரைவ் யாரிடம் இருக்கிறது? எதிர்வீட்டுப் பையனின் பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், எக்ஸ்பி, விஸ்டா, விண்டோஸ் 7 காலத்து மென்பொருள். அதைக் கொண்டுவந்து என் விண்டோஸ் 10-ல் போட்டேன். அதற்குப் பிறகு, முன்பு சேர்ந்துகொண்டிருந்த ஹெட்செட்டும் சேரவில்லை. இது இரண்டாவது தப்பு. விண்டோஸ் 8-லிருந்தே இந்த வகை டாங்கிளுக்கு விண்டோஸில் இருக்கிற டிரைவரே போதும், அதன்மேல் பழைய மென்பொருளை ஏற்றினால் இரண்டும் மோதிக்கொள்ளும். கழற்றுவதற்கும் வழி உண்டு. முதலில் Apps பட்டியலில் போய் அந்த மென்பொருளை நீக்க வேண்டும். பிறகு Device Manager-ல் அந்த டாங்கிள்மேல் ரைட் கிளிக் செய்து Uninstall device கொடுக்கும்போது, "Delete the driver software for this device" என்று ஒரு கட்டம் வந்தால் அதில் டிக் போட்டு நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். "உங்கள் டிரைவர் பழசு, இதை டவுன்லோட் செய்யுங்கள்" என்று வருகிற தளங்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். நான் போனேன், அது கூடவே கொண்டுவந்த குப்பையைக் கூட்டித் தள்ள அரைநாள் ஆனது.

குட்டு உடைந்தது என் சித்தப்பா பையன் வந்தபோதுதான். அவன் உபுண்டு லினக்ஸ் ஆள். டாங்கிளைத் தன் லேப்டாப்பில் செருகி இதை அடித்தான்:

```
lsusb
sudo dmesg | grep -i bluetooth
```

முதல் கட்டளைக்கு 0a12:0001 என்ற எண்ணும் Cambridge Silicon Radio என்ற பெயரும் வந்தன. "பாத்தியா, சி.எஸ்.ஆர்தான்" என்றேன். "இருண்ணா" என்று இரண்டாவதைக் காட்டினான். அதில் ஒரு வரி:

```
CSR: Unbranded CSR clone detected; adding workarounds and force-suspending once...
```

அதாவது, பெயர் இல்லாத போலி சி.எஸ்.ஆர் என்று லினக்ஸே கண்டுபிடித்துச் சொல்கிறது. இந்தப் போலிகள் அவ்வளவு பரவியதால், அவற்றைச் சமாளிப்பதற்கென்றே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் தனியாக எழுதி வைத்திருக்கிறார்களாம்.

அவன் விளக்கியது இதுதான். யூ.எஸ்.பி.யில் செருகும் எந்தப் பொருளும் முதலில் தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். 0a12 என்பது கேம்பிரிட்ஜ் சிலிக்கான் ரேடியோ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் எண். அந்த நிறுவனத்தை 2015-ல் குவால்காம் வாங்கிவிட்டது. அவர்களுடைய சிப்புக்கு எல்லா ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் டிரைவர் தயாராக இருப்பதால், ஊர் பேர் தெரியாத சிப் செய்கிறவர்கள் அதே எண்ணைத் திருடிப் போட்டுக்கொள்கிறார்கள். தனியாக டிரைவர் எழுதும் செலவு மிச்சம். விண்டோஸ் எண்ணைப் பார்த்து ஒரிஜினல் என்று நம்பி, ஒரிஜினலுக்குக் கொடுக்கிற கட்டளைகளை எல்லாம் கொடுக்கும். போலி சிப் அவற்றில் சிலவற்றைத் தெரியும் என்று தலையாட்டிவிட்டு, செய்யச் சொன்னதும் திணறி நின்றுவிடும். தூங்கி எழும்போது நிற்பது இப்படித்தான். டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டாலும் தீராது, கோளாறு சிப்பில்.

இதில் எனக்கு உறைத்த விஷயம் வேறு. யூ.எஸ்.பி. டாங்கிள்களில் பெயர் வாங்கிய சி.எஸ்.ஆர் சிப் CSR8510 A10. அது புளூடூத் 4.0 சிப். ஆகவே "சி.எஸ்.ஆர் 5.0" என்று ஒருவர் விற்றால் இரண்டில் ஒன்று பொய். சிப் உண்மையான சி.எஸ்.ஆர் என்றால் அது 5.0 இல்லை. 5.0 என்றால் அது சி.எஸ்.ஆர் இல்லை. கடையிலேயே இது எனக்குத் தெரிந்திருந்தால் 350 ரூபாய் தப்பியிருக்கும்.

என்னுடையதில் இரண்டுமே பொய். விண்டோஸிலேயே பார்க்கலாம். Device Manager-ல் Bluetooth என்ற தலைப்பை விரித்து, டாங்கிளின் பெயரை டபுள் கிளிக் செய்து Advanced பகுதிக்குப் போனால் LMP என்று ஒரு எண் இருக்கும். புள்ளிக்கு முன்னால் இருப்பதை மட்டும் பாருங்கள். 6 என்றால் புளூடூத் 4.0, 8 என்றால் 4.2, 9 என்றால் 5.0, 10 என்றால் 5.1, 11 என்றால் 5.2, 12 என்றால் 5.3. என் "5.0" டாங்கிள் காட்டியது 6. இந்த எண்ணையும் சிப்தான் சொல்கிறது, அதனால் பெரிய எண் வந்துவிட்டாலே நல்ல பொருள் என்று அர்த்தமில்லை. ஆனால் அட்டையில் இருப்பதைவிடச் சிறிய எண் வந்தால் ஏமாந்துவிட்டோம் என்பது உறுதி.

சரி, 4.0-ஆக இருந்தால்தான் என்ன என்று கேட்டால், உண்மையில் பெரிய நஷ்டமில்லை. அதுதான் வேடிக்கை. கடைக்காரர் "5.0-ல சவுண்டு சூப்பரா இருக்கும் சார்" என்றார். நாம் ஹெட்செட்டில் பாட்டுக் கேட்பது பழைய வகை புளூடூத் இணைப்பில். 5.0-ல் வந்த அதிக வேகமும் தூரமும் லோ எனர்ஜி என்ற இன்னொரு வகை இணைப்புக்கு, அதாவது வாட்ச், சென்சார் போன்றவற்றுக்கு. புதிய முறையில் ஒலி அனுப்பும் எல்.இ. ஆடியோ 5.2-ஐ ஒட்டித்தான் வந்தது. அதற்கு விண்டோஸ் 11-ம் வேண்டும், டாங்கிளும் டிரைவரும் ஹெட்செட்டும் ஒத்துழைக்கவும் வேண்டும். 5.3 என்று அட்டையில் போட்டிருப்பதாலேயே அது கிடைத்துவிடாது. 5.2 ஹெட்செட்டை ஒழுங்கான 4.0 டாங்கிளில் தாராளமாகச் சேர்க்கலாம்.

டாங்கிளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "யூஸ் பண்ணிட்டீங்க சார், எடுக்க மாட்டோம். உங்க சிஸ்டம் பழசு, அதான்" என்றார். LMP எண்ணை மொபைலில் படம் எடுத்துப் போயிருந்தேன், காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் நேர்மையற்ற வணிகம்தான். பில்லில் காலம் எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். 1915-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். ஆனால் என் கையில் இருந்தது கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. அதை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

அடுத்து வாங்கியது வேறு கடையில், 620 ரூபாய், முறையான பில்லோடு. இந்தத் தடவை சிப் பெயரைக் கேட்டு வாங்கினேன்: ரியல்டெக் RTL8761B. வாங்குமுன் கடை லேப்டாப்பில் செருகி LMP எண்ணைக் காட்டச் சொன்னேன். பையன் ஒரு மாதிரி பார்த்தான், ஆனாலும் காட்டினான். அட்டையில் 5.0, எண் 10. சொன்னதைவிட ஒரு படி அதிகம்! வீட்டில் முதல்முறை செருகும்போது இன்டர்நெட் இருக்கட்டும், விண்டோஸ் அப்டேட் வழியாக அதன் டிரைவர் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தச் சிப்புக்கு, அதனுள்ளே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் கோப்பைத் தனியாக ஏற்ற வேண்டும், அது டிரைவரோடு வருகிறது. பழைய லினக்ஸ் என்றால் rtl8761bu_fw.bin என்ற கோப்பு இல்லை என்று முரண்டு பிடிக்கும், linux-firmware தொகுப்பைப் புதுப்பித்தால் சரியாகும்.

இதிலும் ஒரு நாள் பாட்டு விட்டுவிட்டு வந்தது. இதுவும் போலியோ என்று வயிறு கலங்கிவிட்டது. பார்த்தால், நான்தான் அதை கேபினெட்டின் பின்பக்கம் நீல நிற யூ.எஸ்.பி. 3.0 போர்ட்டில், வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகியிருந்தேன். யூ.எஸ்.பி. 3.0-ல் கோப்புகள் ஓடும்போது எழும் இரைச்சல் புளூடூத் ஓடுகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் விழுகிறது. போதாததற்கு நடுவில் இரும்புப் பெட்டி வேறு. 80 ரூபாய்க்கு ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, கறுப்பு நிற 2.0 போர்ட்டில் போட்டு, டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்து வைத்தேன். இப்போது சமையலறைவரை போனாலும் அறுபடவில்லை.

போன சனிக்கிழமை அந்த வழியாகப் போனேன். அதே அட்டை, அதே கொக்கியில் தொங்குகிறது. இப்போது அதன்மேல் "5.3" என்று ஒரு ஸ்டிக்கர்.