லிங்க்ட்இன் தலைப்பு வரி: இந்த இரண்டில் எது தேடலில் சிக்கும்?

முதல் வரி: “வேலை தேடும் இன்ஜினியரிங் பட்டதாரி | கடின உழைப்பாளி”.

இரண்டாவது: “மெக்கானிக்கல் டிசைன் இன்ஜினியர் (புதியவர்) | சாலிட்வொர்க்ஸ் | ப்ராஜெக்ட்: கியர்பாக்ஸ் வடிவமைப்பு”.

ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் பதவியின் பெயரையோ மென்பொருளின் பெயரையோ போட்டுத்தான் தேடுவார்கள். ‘கடின உழைப்பாளி’ என்று யார் தேடப் போகிறார்கள்? முதல் வரியில் எந்தத் துறை என்பதே தெரியவில்லை. வேலை தேடுவதைச் சொல்ல லிங்க்ட்இன்னில் ‘ஓபன் டு வொர்க்’ என்ற வசதி தனியாகவே இருக்கிறது.

என் ஓட்டு இரண்டாவதற்கு. 220 எழுத்து வரை இடம் உண்டு என்றாலும் தேடல் பட்டியலில் நீண்ட வரி பாதியில் வெட்டுப்படும், அதனால் பதவிப் பெயர் முன்னால் வருவதுதான் சரி. அப்புறம், சாலிட்வொர்க்ஸில் ஒரு அசெம்பிளியைத் தனியாகச் செய்ய வராது என்றால் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். நேர்காணலில் அதைத்தான் முதலில் கிளறுவார்கள்.