நேர்காணலுக்கு முன்பே சம்பளம் கேட்டால்: மூன்று பதில்கள்

சேலத்தில் ஒரு நூற்பாலையின் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். கணக்காளர் பணிக்கு ஆள் தேடியபோது, ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு பெண், "ஐயா, நேர்காணலுக்கு வருவதற்கு முன் சம்பளம் எவ்வளவு வரை தருவீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தார். இந்தக் கேள்விக்கு எங்கள் தொழிலில் மூன்று விதமாகப் பதில் எழுதுகிறார்கள்.

"நேரில் பேசிக்கொள்ளலாம்" என்பது முதல் வகை. பிடி கொடுக்காமல் பேரம் பேச இது உதவும் என்று நினைக்கிறோம். ஆனால் அவர் ஒரு நாள் விடுப்பும் பேருந்துச் செலவும் போட்டு வந்து, கடைசி ஐந்து நிமிடத்தில்தான் சம்பளம் ஒத்துவராது என்று தெரிந்துகொள்வார்.

"இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பது இரண்டாவது. இதை நான் ஏற்பதில்லை. முன்பு குறைவாகச் சம்பளம் வாங்கியவர், வேலைக்கான மதிப்பை விட்டுப் பழைய தொகையை வைத்தே அளக்கப்பட்டு, இங்கும் குறைவாகவே வாங்க நேரும்.

வரம்பைச் சொல்லிவிடுவது மூன்றாவது. நான் அதையே செய்தேன். ஆனால் "24,000 முதல் 28,000 வரை" என்று மட்டும் எழுதியிருந்தால் அதுவும் பாதிப் பதில்தான். அந்தத் தொகை நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவான சிடிசி. கேட்பவரோ கைக்கு வருவதையே கணக்கிடுவார். எனவே உச்சத் தொகையைப் பிரித்து எழுதினேன். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், 28,000-ல் நிறுவனம் செலுத்தும் பிஎஃப் 1,800-ம், கிராஜுவிட்டிக்கு ஒதுக்கும், அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதமான சுமார் 720-ம் அடங்கும். மீதியில் அவருடைய பங்கு பிஎஃப் 1,800 கழிந்தால், தொழில் வரிக்கு முன் கையில் வருவது ஏறக்குறைய 23,700 ரூபாய். ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தனியாகத் தாக்கல் செய்து பழகியவருக்கே இந்த உச்சத் தொகை என்பதையும் சேர்த்தேன். அதைச் சொல்லாவிட்டால் வருகிற எல்லாரும் 28,000-ஐத் தமக்குரியதாகவே எண்ணிக்கொள்வார்கள்.

வரம்பை வெளியே சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. அதே வேலையை ஏற்கெனவே செய்பவர் 24,000-க்கும் கீழே வாங்கினால், செய்தி இரண்டு நாளில் அவர் காதுக்குப் போய்விடும். ஆகவே அனுப்புவதற்கு முன் சம்பளப் பட்டியலைப் பார்த்து, தேவையானால் அவருடைய தொகையை முதலில் சரிசெய்ய வேண்டும்.

அந்தப் பெண் அன்று மாலையே பதில் எழுதினார். இப்போது அவர் கையில் 25,000 வாங்குகிறார். 28,000 என்று மட்டும் சொல்லியிருந்தால் உயர்வு என்று நம்பிப் புறப்பட்டு வந்திருப்பார். நன்றி சொல்லி விலகிக்கொண்டார், அவருக்கு ஒதுக்கியிருந்த நேரத்தை ஆத்தூரிலிருந்து விண்ணப்பித்திருந்த இன்னொருவருக்குக் கொடுத்தோம்.